பால் குறைகிறதா, எங்கே குறைகிறது? முகாமையாளரின் அறிக்கைக்கு எந்த வரைபு பொருந்தும்

மட்டக்களப்பில் பால் சேகரிக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் முகாமையாளர், ஒக்டோபர் முதல் வாரத்தில் தம் அலுவலரை அழைத்து இரண்டு கேள்விகள் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பால் சேகரிப்பு உண்மையிலேயே குறைந்து வருகிறதா என்பது முதலாவது. குறைகிறதென்றால் செங்கலடி, கிரான், வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை ஆகிய நான்கு நிலையங்களில் எது காரணம் என்பது இரண்டாவது. அலுவலரிடம் கடந்த ஆண்டு ஜனவரி தொடங்கி இந்த ஆண்டு செப்டெம்பர் வரையான இருபத்தொரு மாதக் கணக்கு எக்செல் தாளில் இருக்கிறது. அறிக்கையில் அவருக்குக் கிடைக்கும் இடமோ ஒரு பக்கம்.

சங்கமும் எண்களும் இக்கட்டுரைக்காக நான் அமைத்துக்கொண்டவை. எந்த நிறுவனத்தின் கணக்கும் அல்ல. ஆயினும் மாதாந்த அறிக்கை தயாரிப்பவராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இந்த இரண்டு கேள்விகளும் ஏறத்தாழ எல்லா அலுவலகங்களிலும் இதே வடிவத்தில்தான் வருகின்றன என்று சொல்வேன். ஒன்று காலத்தோடு ஏற்படும் மாற்றத்தைக் கேட்கிறது. மற்றது இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டைக் கேட்கிறது. இரண்டுக்கும் ஒரே வரைபில் பதில் சொல்ல முயல்வதில்தான் பெரும்பாலான அறிக்கைகள் சிக்கிக்கொள்கின்றன.

வரைவதற்கு முன் ஒரு வகுத்தல்

வரைபு வகைகளை ஒப்பிடுவதற்கு முன் எண்களையே ஒருமுறை பார்க்க வேண்டும். சங்கத்தின் பதிவேட்டில் மாத மொத்தம்தான் இருக்கும். கடந்த ஆண்டு ஜனவரியில் நாளொன்றுக்குச் சராசரியாக 2,050 லீற்றரும் பெப்ரவரியில் 2,100 லீற்றரும் வந்தன என்று கொள்வோம். ஜனவரியின் 31 நாட்களுக்கு மொத்தம் 63,550 லீற்றர். பெப்ரவரியின் 28 நாட்களுக்கு 58,800 லீற்றர். மாத மொத்தத்தை அப்படியே வரைந்தால் பெப்ரவரியில் பால் ஏழரை சதவீதம் விழுந்ததாகக் காட்டும். உண்மையில் பால் கூடியிருக்கிறது, நாட்கள்தான் குறைந்திருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரியில் ஒரு பள்ளம் தெரியும் வரைபைக் கண்டால், அங்கே மாத மொத்தம் நாட்களால் வகுக்கப்படாமல் வரையப்பட்டிருக்கிறது என்று முதலில் ஐயப்படலாம்.

எக்செல் தாளில் A நிரலில் மாதத்தின் முதல் நாள் திகதியாகவும் B நிரலில் மாத மொத்தமும் இருந்தால், நாளாந்தச் சராசரியை இவ்வாறு பெறலாம்:

```
=B2/DAY(EOMONTH(A2,0))
```

இது லீப் ஆண்டுப் பெப்ரவரியையும் தானாகவே 29 நாட்களாக எடுத்துக்கொள்ளும். இனிமேல் இக்கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம் இந்த நாளாந்தச் சராசரியே.

முதற் கேள்விக்கு மூன்று வழிகள்

பலருடைய கை முதலில் போவது சலாகை வரைபுக்குத்தான். ஒவ்வொரு மாதத்துக்கும் நான்கு நிலையங்களின் சலாகைகளை அருகருகே நிறுத்தினால், காலம், இடம் ஆகிய இரண்டும் ஒரே படத்தில் அடங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் இருபத்தொரு மாதம், நான்கு நிலையம் என்றால் எண்பத்து நான்கு சலாகைகள். ஏ4 தாளில் வரைபுக்கு 16 சென்டிமீற்றர் அகலம் கிடைக்கும் என்றால், இடைவெளியே விடாவிட்டாலும் ஒரு சலாகைக்கு இரண்டு மில்லிமீற்றர்கூடக் கிடைக்காது. இடத்தட்டுப்பாட்டை விடப் பெரிய குறை வேறொன்று. கிரானின் போக்கைத் தெரிந்துகொள்ள விரும்பும் முகாமையாளர் ஒவ்வொரு கொத்திலும் இரண்டாவது சலாகையை மட்டும் தேடிப் பிடித்து, மற்ற மூன்றையும் மனத்தால் அழித்து, இருபத்தொரு முறை தாவிச் செல்ல வேண்டும். அவ்வளவு பொறுமையை அறிக்கை எழுதுபவர் அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

அடுத்த வழி, நான்கு நிலையங்களின் மொத்தத்தை மட்டும் எடுத்து, இருபத்தொரு புள்ளிகளை ஒரே கோட்டில் தொடராக இணைப்பது. காலத்தோடு நகரும் எண்ணைக் கோடாக வரைவது 1786 இல் ஸ்கொட்லாந்தியரான வில்லியம் பிளேஃபெயர் வணிகக் கணக்குகளுக்குக் கையாண்ட முறை. இன்றும் போக்கைக் காட்டுவதற்கு இதை வெல்லும் வகை அரிது. கோடு இருப்பதால் கண் ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே செல்கிறது. ஏற்றமும் இறக்கமும் சாய்வாகத் தெரிகின்றன.

ஆனால் நம் பகுதியில் பாலுக்கு ஒரு பருவம் உண்டு. வடகீழ்ப் பருவமழைக்குப் பின் மேய்ச்சல் தரை பசுமையாக இருக்கும் மாதங்களில் பால் கூடுதலாக வரும். மே மாதத்துக்குப் பின் வெயில் ஏறிப் புல் காய, செப்டெம்பர் வரை குறைந்துகொண்டே போகும். எனவே தொடர்கோட்டை வரைந்தால் முகாமையாளர் காண்பது பெப்ரவரியில் ஏறிச் செப்டெம்பரில் இறங்கும் ஒரு பெரிய அலையும், அதன் பின் மீண்டும் அதே போன்ற ஓர் அலையும்தான். பால் குறைகிறதா என்று கேட்டவருக்கு, ஆம், பெப்ரவரியிலிருந்து விழுந்துகொண்டிருக்கிறது என்று அந்தக் கோடு சொல்லும். அது பொய்யல்ல. ஆயினும் கடந்த ஆண்டும் இதே மாதங்களில் விழுந்ததுதானே! ஒவ்வோர் ஆண்டும் நிகழும் கோடை இறக்கத்தைக் கண்டு கூட்டம் கூட்டுவதில் பயனில்லை. முகாமையாளர் அறிய விரும்புவது வழமையான இறக்கத்துக்கு மேலாக ஏதேனும் நடந்திருக்கிறதா என்பதையே.

அதனை இந்தக் கோட்டில் காண்பது ஏன் கடினம் என்பதை அளந்தே காட்டலாம். நம் எடுத்துக்காட்டில் இந்த ஆண்டின் உச்சம் பெப்ரவரியில் 2,165 லீற்றர். தாழ்வு செப்டெம்பரில் 1,300 லீற்றர். ஆண்டுக்குள் வரும் ஏற்ற இறக்கம் மட்டும் 865 லீற்றர். கடந்த ஆண்டு செப்டெம்பரில் வந்தது 1,360 லீற்றர். ஆக ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடு 60 லீற்றர். வரைபின் உயரம் 10 சென்டிமீற்றர், செங்குத்து அச்சு 0 முதல் 2,500 வரை என்றால் அந்த 60 லீற்றர் இரண்டரை மில்லிமீற்றருக்கும் குறைவு. அந்த இரண்டு புள்ளிகளோ தாளின் நடுப்பகுதியில் ஒன்றும் வலது ஓரத்தில் ஒன்றுமாக, ஏறத்தாழ ஒன்பது சென்டிமீற்றர் விலகி நிற்கின்றன. எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் கண் இதனைப் பிடிக்காது.

மூன்றாவது வழி, அதே எண்களைக் கொண்டு அதே கோட்டு வரைபையே வேறு விதமாக மடிப்பது. கிடை அச்சில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு மாதங்களை மட்டும் வைத்து, கடந்த ஆண்டுக்கு ஒரு கோடும் இந்த ஆண்டுக்கு ஒரு கோடுமாக ஒன்றன் மேல் ஒன்று வரைய வேண்டும். இப்போது செப்டெம்பரின் இரண்டு புள்ளிகளும் ஒரே நிலைக்குத்துக் கோட்டில், ஒன்றுக்கு நேர் கீழே மற்றதாக வந்துவிடுகின்றன. பருவத்தின் அலை இரண்டு கோடுகளுக்கும் பொதுவானதால் அது பின்னணியாகிவிட, இரண்டு கோடுகளுக்கும் இடையிலான இடைவெளியே கண்ணுக்குப் படும். ஜனவரியில் கடந்த ஆண்டு 2,050, இந்த ஆண்டு 2,110. மே மாதத்தில் 1,800, 1,850. அதாவது முதல் ஐந்து மாதங்களும் இந்த ஆண்டின் கோடு மேலே செல்கிறது. ஜூனில் 1,700, 1,640. அங்கே இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. அதன் பின் செப்டெம்பர் வரை இந்த ஆண்டின் கோடு கீழேயே இருக்கிறது. ஜூனில் ஏதோ நடந்திருக்கிறது. தொடர்கோட்டில் எங்கும் தென்படாத இந்தச் செய்தி, மடித்து வரைந்த கோட்டில் முதற் பார்வையிலேயே தெரிகிறது.

எனவே பருவம் உள்ள எந்தக் கணக்குக்கும், முகாமையாளரின் கேள்வி குறைகிறதா, கூடுகிறதா என்பதாக இருந்தால், நான் மூன்றாவது வழியையே தெரிவு செய்வேன். தொடர்கோடு பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. ஐந்தாறு ஆண்டுகளின் நீண்ட போக்கைக் காட்டுவதற்கு அதுதான் ஏற்றது; ஐந்தாறு கோடுகளை மடித்து ஒன்றன் மேல் ஒன்று வரைந்தால் நூற்கண்டு சிக்கியது போலாகிவிடும். அப்படி வரைந்தே ஆக வேண்டுமானால் பழைய ஆண்டுகளை மெல்லிய சாம்பல் நிறத்திலும் இந்த ஆண்டை மட்டும் தடித்த கருங்கோடாகவும் விடலாம்.

இந்த முறைக்கும் வரம்புகள் உண்டு. ஜனவரியில் தொடங்கினால் நம் மழைக்காலம் இரண்டாகப் பிளந்து, டிசம்பர் வலது ஓரத்திலும் ஜனவரி இடது ஓரத்திலும் போய் நிற்கும். மழைக்காலச் சேகரிப்பைப் பற்றிய அறிக்கையானால் அச்சை ஒக்டோபரில் தொடங்குவது நல்லது. இன்னொன்று, அம்பாறை, கல்முனைப் பக்கம் தயிர், பால் விற்பனையை ஒப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது. நோன்பு மாதம் சூரிய நாட்காட்டியில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே வருகிறது. நோன்போடு ஏறி இறங்கும் விற்பனையை மார்ச்சுக்கு மார்ச் ஒப்பிட்டால், ஓர் ஆண்டின் நோன்பு வாரங்களை மறு ஆண்டின் சாதாரண வாரங்களோடு ஒப்பிட்டதாக முடியலாம். அத்தகைய கணக்குக்கு நோன்பு தொடங்கிய வாரத்தை முதலாம் வாரமாகக் கொண்டு இரண்டு ஆண்டுகளையும் அடுக்க வேண்டும். ஏப்ரல் புத்தாண்டுக்கு இந்தத் தொல்லை இல்லை; அதன் நாள் பெரும்பாலும் மாறுவதில்லை.

எக்செலில் மடித்து வரையும்போது இரண்டு இடங்களில் பலர் தடுக்குகிறார்கள். ஆண்டு எண்களோ மாத எண்களோ முதல் நிரலில் இருந்தால், மென்பொருள் அவற்றையும் தரவாக எண்ணித் தனிக் கோடாக வரைந்துவிடும். அட்டவணையின் இடது மேல் மூலைக் கட்டத்தை வெறுமையாக விட்டால் அந்த நிரல் அச்சுக்குரியது என்று அது புரிந்துகொள்ளும். அடுத்தது, இன்னும் வராத மாதங்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான கட்டங்களில் வெற்று மேற்கோளைத் தரும் சூத்திரம் இருந்தால், கோடு செப்டெம்பருக்குப் பின் செங்குத்தாகப் பூச்சியத்துக்கு வீழ்ந்துவிடும். முகாமையாளர் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் படம் அது. அடுத்த நிரலில் இந்தச் சூத்திரத்தை இட்டு, அந்த நிரலையே வரைந்தால் அதனைத் தடுக்கலாம்:

```
=IF(C11="",NA(),C11)
```

NA() உள்ள கட்டத்தை எக்செல் வரைவதில்லை. கோடு செப்டெம்பரோடு நின்றுவிடும்.

இரண்டாவது கேள்வியும் வட்ட வரைபின் ஆசையும்

நான்கு நிலையங்களின் செப்டெம்பர் மாத நாளாந்தச் சராசரி, லீற்றரில்:

| நிலையம் | கடந்த ஆண்டு | இந்த ஆண்டு | மாற்றம் |
|---|---|---|---|
| செங்கலடி | 430 | 450 | +20 |
| கிரான் | 400 | 290 | −110 |
| வெல்லாவெளி | 280 | 295 | +15 |
| கொக்கட்டிச்சோலை | 250 | 265 | +15 |
| மொத்தம் | 1,360 | 1,300 | −60 |

இதனை இரண்டு வட்ட வரைபுகளாக, ஆண்டுக்கு ஒன்றாக, அருகருகே வைப்பது நம் அலுவலகங்களில் வேரூன்றிய பழக்கம். பார்ப்பதற்கு நிறைவாக இருக்கும். நிறங்களும் அழகாக இருக்கும். நான் இதனை எதிர்ப்பதற்கு ரசனை காரணமல்ல, ஒரு கணக்கே காரணம். வட்டம் பங்கை மட்டுமே காட்டும், அளவைக் காட்டாது. செங்கலடியின் பங்கு கடந்த ஆண்டு 31.6 சதவீதம், இந்த ஆண்டு 34.6 சதவீதம். மூன்று புள்ளிகள் உயர்ந்திருப்பதைக் கண்டவர் செங்கலடி நன்றாக முன்னேறிவிட்டது என்றே எண்ணுவார். செங்கலடியும் வெல்லாவெளியும் கொக்கட்டிச்சோலையும் ஒரு துளி கூடக் கூட்டாமல், கடந்த ஆண்டு எண்களிலேயே அப்படியே நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பாருங்கள். கிரான் மட்டும் 290 ஆக விழ, மொத்தம் 1,250 ஆகும். அப்போதும் செங்கலடியின் பங்கு 34.4 சதவீதம். அதாவது வட்டத்தில் தெரிகிற அந்த உயர்வில் கிட்டத்தட்ட முழுவதும் கிரானின் வீழ்ச்சியால் வந்ததே. மூன்று நிலையங்களும் கூடுதலாகத் தந்த 50 லீற்றரால் அதில் சேர்ந்தது 0.2 புள்ளி மட்டுமே.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் இதே போன்ற இரட்டை வட்டங்களை நானே அறிக்கையில் வைத்தேன். பங்கு உயர்ந்த பிரிவுக்குப் பாராட்டுக் கடிதம் போனது. அந்தப் பிரிவின் எண்ணிக்கை உண்மையில் முந்திய ஆண்டைவிடக் கூடியிருக்கவில்லை. வேறொரு பிரிவு மூன்று மாதம் ஆளில்லாமல் இருந்ததால்தான் பங்கு ஏறியிருந்தது. எண்களில் பிழையில்லை, கூட்டலிலும் பிழையில்லை. பிழை நான் தெரிவு செய்த வரைபில் இருந்தது. அதனைத் திருத்தி எழுதிக் கொடுத்தபோது ஏற்பட்ட மனவருத்தம் இன்றும் நினைவிலிருக்கிறது.

வட்டத்தின் இன்னொரு குறை நம் கண்ணைச் சார்ந்தது. இந்த ஆண்டு கிரானின் பங்கு 22.3 சதவீதம், வெல்லாவெளியின் பங்கு 22.7 சதவீதம். ஒரு சதவீதம் என்பது வட்டத்தில் 3.6 பாகை, எனவே இவ்விரண்டு துண்டுகளுக்கும் இடையே ஒன்றரைப் பாகைகூட வேறுபாடில்லை. எது பெரியது என்று எவராலும் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் எழுதிய எண்ணைத்தான் படிப்பார்கள். எண்ணைத்தான் படிக்க வேண்டுமென்றால் அட்டவணையே போதுமே! 1984 இல் வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்ற இரு புள்ளியியலாளர்கள், மக்கள் வரைபிலிருந்து அளவுகளை எவ்வளவு சரியாகப் படிக்கிறார்கள் என்று சோதித்துப் பார்த்தனர். ஒரே அச்சில் நிற்கும் புள்ளிகளின் இடத்தைப் படிப்பதில் பிழை மிகக் குறைவாகவும், கோணத்தைப் படிப்பதில் பிழை கூடுதலாகவும் இருந்தது. சலாகை வரைபின் நுனிகள் எல்லாம் ஒரே அச்சுக்கு எதிரே நிற்கின்றன. அதன் வலிமை அங்கேதான் இருக்கிறது.

வட்ட வரைபுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. ஒரே ஒரு காலத்தில், இரண்டு மூன்று துண்டுகளுக்குள், பாதிக்கு மேலா, காற்பங்கா என்று மட்டும் கேட்கப்படும்போது வைக்கலாம். காலத்தோடு ஒப்பிடும் அறிக்கையில் வைக்கக் கூடாது.

அடுக்குச் சலாகையைச் சிலர் நடுவழியாகக் கருதுவர். ஒரே சலாகையில் நான்கு நிலையங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் மொத்தமும் தெரியும், பகுதிகளும் தெரியும் என்பது எண்ணம். மொத்தம் நன்றாகவே தெரியும். பகுதிகளில், அடியில் இருப்பது மட்டுமே பூச்சியத்தில் தொடங்குகிறது. அதன் மேலுள்ளவை எல்லாம் கீழுள்ளதன் உயரத்தைப் பொறுத்து ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். செங்கலடியை அடியில் வைத்தால் கிரான் 400 இலிருந்து 290 ஆகக் குறைந்ததை, தொடக்கமும் முடிவும் நகர்ந்துவிட்ட இரண்டு துண்டுகளை ஒப்பிட்டே உணர வேண்டும். அடுக்குச் சலாகைதான் வேண்டும் என்று முகாமையாளர் வற்புறுத்தினால், எந்த நிலையத்தைப் பற்றிப் பேசப் போகிறோமோ அதனை அடியில் வையுங்கள்.

மீதமிருப்பவை இரண்டு. ஒன்று சரிவுக் கோட்டு வரைபு: இடப்பக்கம் கடந்த ஆண்டு, வலப்பக்கம் இந்த ஆண்டு, ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு புள்ளிகளை இணைக்கும் ஒரு கோடு. மூன்று கோடுகள் சற்றே மேலே போக, கிரானின் கோடு மட்டும் செங்குத்தாகக் கீழே வருவது மிகத் தெளிவாகத் தெரியும். நிலையங்களின் அளவும் மாற்றமும் ஒரே பார்வையில் கிடைக்கும். எனக்கு இந்த வகை மிகவும் பிடிக்கும். ஆனால் நம் எண்களில் ஒரு சிக்கல். வலப்பக்கத்தில் கிரான் 290 இலும் வெல்லாவெளி 295 இலும் வந்து நிற்கின்றன. அச்சு 200 முதல் 500 வரை, உயரம் 10 சென்டிமீற்றர் என்றால் இரண்டு புள்ளிகளுக்கும் இடையே ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான இடமே உண்டு. இரண்டு பெயர்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். பேசவேண்டிய நிலையத்தின் பெயரே படிக்க முடியாமல் போகுமானால் அந்த வகையை விட்டுவிடத்தான் வேண்டும்.

எனவே இங்கே நான் தெரிவு செய்வது மற்றதை: மாற்றத்தை மட்டும் காட்டும் கிடைச் சலாகை வரைபு. நடுவில் பூச்சியக் கோடு. செங்கலடி, வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை மூன்றும் வலப்பக்கம் 20, 15, 15 லீற்றர் நீளும் சிறு சலாகைகள். கிரான் இடப்பக்கம் 110 லீற்றர் நீளும் ஒற்றைச் சலாகை. இதனைப் பார்த்த பின் எது காரணம் என்று எவரும் கேட்கமாட்டார்கள். இது நிலையங்களின் மொத்த அளவைச் சொல்லாது என்பது உண்மைதான். அதற்கு மேலேயுள்ள ஐந்து வரி அட்டவணையை வரைபின் பக்கத்திலேயே வைத்துவிடலாம். நெட்டையாக நிறுத்தாமல் கிடையாக வரைவதற்குக் காரணம் நம் ஊர்ப் பெயர்களின் நீளம். நெட்டைச் சலாகையின் கீழே ‘கொக்கட்டிச்சோலை’ என்று எழுதப்போனால் எக்செல் அதனைச் சரித்துவிடும். தலையைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். கிடைச் சலாகையில் பெயருக்கு இடப்பக்கம் வேண்டிய இடம் கிடைக்கிறது. சலாகைகளை அகர வரிசையில் விடாமல் மாற்றத்தின் அளவுப்படி அடுக்குவதும் தேவை.

அச்சைப் பற்றி ஒரு சொல். அளவைச் சலாகையாக வரையும் எந்த இடத்திலும் அச்சு பூச்சியத்திலிருந்தே தொடங்க வேண்டும், ஏனெனில் சலாகையில் நாம் படிப்பது நீளத்தை. கிரானின் 400 ஐயும் 290 ஐயும் பூச்சியத்திலிருந்து வரைந்தால் இரண்டாவது சலாகை முதலாவதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும், அதுவே உண்மை. அச்சை 250 இல் தொடங்கினால் ஒன்றின் உயரம் 150, மற்றதன் உயரம் 40. கிரான் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது போலத் தோன்றும். கோட்டு வரைபுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே படிப்பது புள்ளியின் இடத்தையும் சாய்வையும். முதற் கேள்விக்கான மடித்த கோட்டு வரைபின் அச்சை 1,000 முதல் 2,400 வரை வைத்தால், அந்த 60 லீற்றர் இடைவெளி நான்கு மில்லிமீற்றருக்கு மேல் விரிந்து கண்ணுக்குத் தெரியும். அச்சு 1,000 இல் தொடங்குகிறது என்று படத்தின் கீழ் எழுதிவிட்டால் எவரும் ஏமாறமாட்டார்கள்.

ஜூனில் என்ன நடந்தது

முகாமையாளர் அடுத்துக் கேட்கப்போவது இதுதான். இதற்கு நான்கு சிறு கோட்டு வரைபுகள் உதவும்: நிலையத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு ஆண்டுகளின் மடித்த கோடுகள், நான்கிலும் ஒரே அச்சு. எக்செல் ஒவ்வொரு வரைபுக்கும் அச்சைத் தானாகத் தீர்மானிப்பதால், நான்கையும் கையாலேயே 0 முதல் 800 வரை என்று அமைக்க வேண்டும்; மறந்தால் கொக்கட்டிச்சோலையும் செங்கலடியும் ஒரே அளவாகத் தோன்றும்.

கிரானின் சிறு வரைபில், கடந்த ஆண்டு மே மாதத்திலிருந்து ஜூனுக்கு 520 இலிருந்து 490 ஆக இறங்கியது. இந்த ஆண்டு 535 இலிருந்து 380 ஆக இறங்கியிருக்கிறது. அதன் பின் செப்டெம்பர் வரை இரண்டு கோடுகளும் ஏறத்தாழ ஒரே சாய்வில், 110 லீற்றர் இடைவெளியில், இணையாகச் செல்கின்றன. இந்த வடிவத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மேய்ச்சல் தரைத் தட்டுப்பாடோ நோயோ காரணமாக இருந்தால் இடைவெளி பொதுவாக மாதத்துக்கு மாதம் சிறிது சிறிதாக விரியும். இங்கே ஒரே மாதத்தில் படி இறங்கியது போல விழுந்து, பின் மாறாமல் நிற்கிறது. இப்படிப் படியாக விழும் கோட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நாளில் மாறிய ஏதாவது இருக்கும்: மாலை நேரச் சேகரிப்பு வாகனம் நின்றிருக்கலாம், குளிரூட்டித் தாங்கி பழுதாகியிருக்கலாம், சில பட்டிக்காரர் வேறு கொள்வனவாளரிடம் போயிருக்கலாம். எது என்று வரைபு சொல்லாது. ஆனால் ஜூன் மாதத்தின் முதல் வாரங்களைப் பற்றிக் கிரான் நிலையப் பொறுப்பாளரிடம் கேளுங்கள் என்று அது தெளிவாகச் சொல்லும்.

மழைவீழ்ச்சியையும் பாலையும் ஒரே படத்தில், இடப்பக்க அச்சு ஒன்றுக்கும் வலப்பக்க அச்சு மற்றதற்குமாகப் போட்டுத் தரும்படி சில முகாமையாளர் கேட்பதுண்டு. அதில் இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பது அச்சுகளுக்கு நாம் கொடுக்கும் எல்லைகளைப் பொறுத்ததே. எல்லையை மாற்றினால் வெட்டும் மாதமும் மாறும். மழையை மேலே ஒரு படமாகவும் பாலைக் கீழே ஒரு படமாகவும், மாதங்கள் நேருக்கு நேர் வரும்படி அடுக்கிக் கொடுப்பதே நேர்மையானது.

பக்கத்தை அமைத்தல்

ஆக, அந்த ஒரு பக்கத்தின் மேற்பாதியில் மொத்தச் சேகரிப்பின் மடித்த கோட்டு வரைபு. கீழ்ப்பாதியின் இடப்பக்கம் கிடைச் சலாகை வரைபு, வலப்பக்கம் அட்டவணை. நான்கு சிறு வரைபுகளை இணைப்பில் வைக்கலாம். படத்தின் தலைப்பாக ‘மாதாந்தப் பால் சேகரிப்பு’ என்று எழுதுவதை விட, ‘ஜூன் முதல் சேகரிப்பு கடந்த ஆண்டைவிடக் குறைவு’ என்றும், அடுத்ததற்கு ‘குறைவு கிரானில் மட்டும், மற்ற மூன்றும் சற்றே கூடியுள்ளன’ என்றும் எழுதுங்கள். தலைப்பு இல்லாமல் அந்தச் செய்தி படத்தில் தெரிகிறதா என்று பக்கத்து மேசையில் இருப்பவரிடம் காட்டிக் கேட்டால், தெரிவு செய்த வகை சரிதானா என்பதும் அப்போதே விளங்கிவிடும்.

அறிக்கை கூட்டத்துக்குப் போகும்போது பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் பிரதியாகத்தான் போகும். திரையில் சிவப்பாகவும் பச்சையாகவும் இருந்த இரண்டு கோடுகள் பிரதியில் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்; நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவருக்குத் திரையிலேயே அப்படித்தான். இந்த ஆண்டைத் தடித்த கோடாகவும் கடந்த ஆண்டை மெல்லிய புள்ளிக்கோடாகவும் வரைந்து, கோட்டின் வலது முனையிலேயே ஆண்டை எழுதிவிட்டால் நிறத்தை நம்ப வேண்டியதில்லை. எழுத்துருவையும் பார்க்க வேண்டும். பாமினி எழுத்துருவில் எழுதிய தலைப்பு, அது நிறுவப்படாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். வரைபின் எழுத்துகளை யுனிகோட்டில் எழுதி, கோப்பைப் பி.டி.எஃப் ஆக மாற்றி, அலுவலக அச்சுப்பொறியில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். அந்தப் பிரதியில் கிரானின் சலாகையும் ஜூனில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமும் தெளிவாகத் தெரிந்தால் அறிக்கையைக் கையளிக்கலாம்.